ழகரத்துக்கு இரண்டு எழுத்து

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் வரிசையாக ஆறு கடைகள். ஐந்திலும் ஜெராக்ஸ் எடுப்பார்கள், போட்டோ பிடிப்பார்கள், விண்ணப்பமும் நிரப்புவார்கள். மூன்றாவது கடையில் மட்டும் விண்ணப்பம் தவிர வேறு வேலை கிடையாது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், எதிரில் இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். ஆனால் கூட்டம் அங்கேதான். கடைக்காரனை எல்லாரும் 'ஃபாரக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் அதிகாரிகளே சந்தேகமான கேஸ் வந்தால், "எதிர்க்கடை ஃபாரக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்று அனுப்புவது உண்டு.

காரணம் இதுதான். மற்ற கடைகளில், "உங்க பேரு என்ன?" என்று கேட்டு, காதில் விழுந்தபடி தட்டிவிடுவார்கள். இவன் வாயைத் திறந்து பேரைக் கேட்கவே மாட்டான். "சர்ட்டிஃபிகேட்டைக் குடுங்க" என்பான். பள்ளிச் சான்று, பட்டம், வேலைப் பதிவு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பான்.

"ஐயா, பாஸ்போர்ட்ல உங்க பேரு தமிழ்ல இருக்காது. அந்தப் போட்டோ பக்கத்துக்குக் கீழே ரெண்டு வரி இருக்குதே, அதை மெஷின் படிக்கும். அதுக்கு ஏ-யிலேர்ந்து இஸட் வரைக்கும் இருக்கிற இருபத்தாறு எழுத்தைத் தவிர வேற எதுவும் தெரியாது. நீங்க இன்னைக்கு அதுல என்ன போடுறீங்களோ, அதைப் பார்த்துத்தான் விசா அடிப்பான், டிக்கெட் அடிப்பான், அங்கே பேங்க்ல போடுவான், லைசென்ஸ்ல போடுவான். நாளைக்கு உங்க பிள்ளை சர்ட்டிஃபிகேட்ல அப்பா பேரு வரைக்கும் அதே எழுத்து. ஒரு 'எச்' குறைஞ்சா நீங்க வேற ஆள்."

இதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வான். இனிஷியலை விரித்து எழுத வேண்டும், அப்பா பேரும் பழைய சான்றில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஒரு சான்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் படிப்புச் சான்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதை மாற்றுவதுதான் மலையைப் புரட்டுகிற வேலை. இப்படி எல்லாம் தெரிந்தவன்தான், தன் மனைவியின் விண்ணப்பத்தில் அந்தக் காரியத்தைச் செய்தான்.

மனைவி நர்ஸ். சிறுநீரகப் பிரிவில் டயாலிசிஸ் மெஷின்களுக்கு நடுவே பதினோரு வருஷம் நின்றவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். கம்ப்யூட்டரில் நேர்முகம் நடந்தது. மூன்றாம் நாள் தேர்வு ஆகிவிட்டாள். முதலில் இவள் போவது, ஒரு வருஷம் கழித்து இவனையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். அவளிடம் பாஸ்போர்ட் இல்லை.

"ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிறீங்க, கட்டினவளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கலை" என்று சிரித்தாள். தன் சான்றுகள் இருந்த ஃபைலை அவன் மடியில் வைத்துவிட்டு மகளுக்குத் தலை வாரப் போனாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஃபைலை அவன் கடைக்காரன் கண்ணோடுதான் திறந்தான். பிறப்புச் சான்று தமிழில் மட்டும் இருந்தது. பள்ளிச் சான்றில் பெயரின் கடைசியில் வரும் 'ழி'க்கு இஸட், எச், ஐ. நர்சிங் டிப்ளமாவிலும் அதேதான். நர்சிங் கவுன்சில் பதிவிலும் அதேதான். ஆனால் கல்யாணப் பதிவுச் சான்றில் வெறும் எல், ஐ. அதைக் கொண்டு திருத்திய அடையாள அட்டையிலும் எல், ஐ. மகளின் பிறப்புச் சான்றில் தாய் பெயரிலும் எல், ஐ.

அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. அந்த மூன்றையும் எழுதியவன் அவன்தான். கல்யாணப் பதிவு நடந்தபோது இந்தக் கடை இல்லை, இந்த ஞானமும் இல்லை. காதில் விழுந்ததை எழுதிக் கொடுத்தான். அவளும் புதுப் பெண்ணின் கூச்சத்தில், "என் பேரு வேற மாதிரி இருக்கே" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

"உனக்கு ரெண்டு பேரு ஓடுதும்மா" என்றான். "கல்யாணத்துக்கு முன்னாடி இஸட் எச், பின்னாடி எல். பரவாயில்லை, படிப்புச் சான்று பக்கம் போயிடலாம். என் கையெழுத்துல வந்ததை நானே திருத்திக்கிறேன். ஆமா, அந்தக் காலத்துல உங்க ஸ்கூல்ல யாரு இவ்வளவு விவரமா இஸட் எச் போட்டது? கிளார்க் எல்லாம் எல்தானே போடுவாங்க?"

அவள் சீப்பை வாயில் கவ்வியபடி மகளின் பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சீப்பை எடுத்துவிட்டு, "அதுவா? பத்தாவது பரீட்சைக்குப் பேரு அனுப்புற ஃபாரத்தை எங்க வகுப்புக்கு அச்சகத்து அண்ணன்தான் உட்கார்ந்து எழுதிச்சு. அப்போ அது பன்னிரண்டாவது படிச்சுது. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எனக்கு மட்டும், 'இந்த ழகரத்தை எல் போட்டுக் கொல்லக்கூடாது'ன்னு சொல்லி இப்படி எழுதிச்சு" என்றாள்.

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போயிற்று. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அச்சகத்து அண்ணன் யார் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி அச்சகம் வைத்திருக்கிறானே, அவன்தான். கடைக்கு வேண்டிய ரசீதுப் புத்தகம் எல்லாம் இவன் அடிக்கக் கொடுப்பதே அங்கேதான். கல்யாணத்துக்கு முன் யாரோ பெண் கேட்டு வந்ததாகவும், மாமனார் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் மைத்துனி ஒரு தடவை வாய்தவறிச் சொல்லியிருந்தாள். யாரோ என்று அவனும் விட்டுவிட்டான். இப்போது அந்த 'யாரோ'வுக்கு ஒரு முகமும், முத்து முத்தான கையெழுத்தும் வந்துவிட்டது.

"அவர்தான் உன்னைக் கேட்டு வந்தவரா?"

"அதெல்லாம் எப்பவோ. இவளுக்கு ரிப்பன் எங்கே வெச்சீங்க?"

இல்லை என்று சொல்லவில்லை. அதை மனசில் குறித்துக்கொண்டான்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திறந்தான். பெயர் கட்டத்தில் கர்சர் மின்னியது. அப்போது, விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றுகளின் பட்டியலை அச்சகத்தில் அடிக்கக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அது அவசரமே இல்லை. ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டு அச்சகத்துக்கு நடந்தான். தொட்டால் வலிக்கும் என்று தெரிந்த பல்லை நாக்கு தேடித் தேடித் தொடுமே, அந்த மாதிரிதான் போனான்.

அச்சகத்தில் மை வாசனையும் காகிதம் வெட்டும் மெஷினின் சத்தமும். அச்சகக்காரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் இவன் அவனைச் சரியாகப் பார்த்ததே இல்லை. இப்போது எல்லாம் கண்ணில் பட்டது. விரல்கள் நீளம். தலையில் முடி கொட்டவில்லை. சட்டைப் பையில் மைப்பேனா.

"வாங்க வாங்க, நானே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். வீட்ல வெளிநாடு போறாங்களாமே? ரொம்ப சந்தோஷம்."

"ம். பாஸ்போர்ட் போடணும்."

"உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்றேன். அந்த ழகரத்துக்கு இஸட் எச்தானே போடுறீங்க? சர்ட்டிஃபிகேட் எல்லாம் அப்படித்தான் இருக்கும். நான் எழுதினதுதான் அது" என்று சொல்லி அச்சகக்காரன் சிரித்தான். நல்ல சிரிப்புதான். கள்ளம் இல்லாத சிரிப்பு. அதுதான் இவனால் பொறுக்க முடியாததாக இருந்தது.

திரும்பி வரும் வழி முழுவதும் அவன் வயிறு எரிந்தது. பத்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவளுக்கு டைஃபாய்டு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியிருக்கிறேன். ஆனால் அவள் பாஸ்போர்ட்டில், விசாவில், அங்கே அவள் சட்டையில் குத்திக்கொள்ளப்போகிற பெயர்ப்பட்டையில், நாளைக்கு என் பெண்ணின் சான்றில் தாய் பெயர் என்ற கட்டத்தில், எல்லாவற்றிலும் எவனோ ஒருத்தனின் இரண்டு எழுத்து உட்கார்ந்திருக்க வேண்டுமா? ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று அவள் ஆயுசு முழுக்க அவனைப் படியெடுத்துக்கொண்டே போக வேண்டுமா? என் எழுத்து எல். ஊர் உலகம் எழுதுவதும் எல். அடையாள அட்டையில் இருப்பதும் எல். நான் ஒன்றும் பொய் எழுதவில்லையே!

கடையைத் திறந்தான். எல் தட்டினான். ஐ தட்டினான். ஆதாரத்துக்கு அடையாள அட்டையையும் கல்யாணச் சான்றையும் தமிழ்ப் பிறப்புச் சான்றையும் ஏற்றினான். படிப்புச் சான்றுகளை ஃபைலுக்குள்ளேயே வைத்து மூடினான்.

நேரில் வரச் சொன்ன தேதியில் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கவுண்டரில் அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பி, "பேரு, பிறந்த தேதி, அப்பா பேரு எல்லாம் சரியான்னு பாத்துக்கோங்கம்மா. இது அச்சாயிட்டா மாத்தறது கஷ்டம்" என்றார்.

அவள் பார்த்தாள். புருவம் நெளிந்தது. திரும்பி, "ஏங்க, எல் போட்டிருக்கீங்களே? இஸட் எச்னு சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போதுகூட ஒரு வாய்ப்பு இருந்தது. அவன் கண் கொட்டாமல் சொன்னான்: "அடையாள அட்டையில எப்படி இருக்கோ அப்படித்தான் போடணுமாம். ரூல் மாறிடுச்சு."

ஊரே நம்புகிற ஆள். அவள் நம்பாமல் இருப்பாளா? "சரிங்க" என்று தலையாட்டினாள். விரல் ரேகை வைத்தாள். போட்டோவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பாஸ்போர்ட் வந்த அன்று அவன் அதை எத்தனை தடவை திறந்து பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை. கீழே இருக்கும் அந்த இரண்டு வரியில் தன் எல் நிற்பதைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல் தணிந்த மாதிரி இருந்தது. அச்சகத்துப் பக்கம் போகும்போது மார்பை நிமிர்த்தி நடந்தான். எந்த எழுத்து போட்டாய் என்று கேட்க வேண்டிய அச்சகக்காரன் கேட்கவில்லை. அதுவும் ஒரு குறையாகவே பட்டது.

ஐந்து வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் யூனிஃபார்மோடேயே கடைக்கு வந்தாள். இரண்டு பேர் விண்ணப்பத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்காலி இல்லாமல் நின்றாள். அவர்கள் போனதும் போனை நீட்டினாள்.

அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் எழுதியிருந்தது: உங்கள் நாட்டுக் கவுன்சில் எங்களுக்கு நேரடியாக அனுப்பிய பதிவுச் சான்றில் உள்ள பெயரும், நீங்கள் அனுப்பிய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லை. இரண்டும் ஒரே எழுத்தில் வரும்வரை உங்கள் கோப்பு நிறுத்திவைக்கப்படுகிறது. ஆஸ்பத்திரியும் தனியாக எழுதியிருந்தது: மாதக் கடைசிக்குள் உரிமம் வராவிட்டால் இந்த இடம் வேறொருவருக்குப் போகும்.

"என்னோட சேர்ந்து எழுதின பொண்ணு ஒருத்தி இருக்காளே, அவளும் உங்க கடையிலதான் ஃபாரம் போட்டிருக்கா" என்றாள் அவள். "அவளுக்கும் அடையாள அட்டையில ஒரு எழுத்து வேற மாதிரிதானாம். நீங்க படிப்புச் சான்றுப்படிதான் போடணும்னு அடம் பிடிச்சு, முதல்ல அட்டையைத் திருத்திட்டு வரச் சொன்னீங்களாம். அவளுக்குப் போன வாரம் உரிமம் வந்துடுச்சு. அவளுக்கு ஒரு ரூல், எனக்கு ஒரு ரூலா?"

அவன் ஸ்கேலை எடுத்தான், வைத்தான். வேறு பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அவள் காலில் இருந்த வெள்ளைச் செருப்பைப் பார்த்தான். காலையிலிருந்து நின்ற கால் வீங்கியிருந்தது.

"ரூல் எதுவும் மாறலை. நான்தான் வேணும்னே போட்டேன்."

"ஏன்?"

"அது அவன் எழுதினது."

அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான். போட்டிருந்தால் தேவலை.

"அவன் எழுதினது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஃபாரத்துல" என்றாள். "அதுக்கப்புறம் எழுதினது யாரு? நர்சிங் காலேஜ்ல மூணு வருஷம் ரெக்கார்டு நோட்டு எழுதினது யாரு? டூட்டி முடிச்சு ஒவ்வொரு நோயாளி சார்ட்லயும் கையெழுத்து போடறது யாரு? அந்த இஸட்டும் எச்சும் யாரு குடுத்ததுன்னுகூட எனக்கு மறந்தே போச்சு. நீங்க கேட்டீங்கன்னுதான் ஞாபகம் வந்துது. அது என் பேருங்க. அவனோடதும் இல்லை, உங்களோடதும் இல்லை."

எழுந்தாள். வாசல்படியில் நின்று, "என்னைக் கேட்டிருந்தா எல்லாம் சொல்லியிருப்பேன். அவன் கேட்டு வந்தப்போ வேண்டாம்னு சொன்னது எங்கப்பா இல்லை, நான்தான்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அதைக் கேட்டால் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. ஏன் வேண்டாம் என்று சொன்னாள், யோசித்துச் சொன்னாளா, சொல்லிவிட்டு அழுதாளா என்றுதான் புத்தி போயிற்று. பொறாமைக்குத் தீனி வேண்டும், அவ்வளவுதான். எதைப் போட்டாலும் தின்னும்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அன்றைக்குக் கடையை அடைத்தான். டிப்ளமாவை மாற்றலாமா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. டிப்ளமாக்காரர்கள் பள்ளிச் சான்றைக் கேட்பார்கள், பள்ளிப் பரீட்சைக்காரர்கள் அன்றைக்கு அனுப்பிய ஃபாரத்தைக் கேட்பார்கள், வருஷக்கணக்கில் ஆகும். மாற வேண்டியது தன் எழுத்துதான். எந்த வரிசையில் மாற வேண்டும் என்றும் தெரியும். முதலில் கல்யாணச் சான்று, பிறகு அடையாள அட்டை, பிறகு மகளின் பிறப்புச் சான்று, எல்லாம் முடிந்தபின் பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுபடி வாங்குவது.

பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்தான். அடுத்தவர்களை வரிசையில் நிற்கச் சொல்லித்தான் பழக்கம். தான் நின்று பழக்கமில்லை. கவுண்டரில் இருந்த அம்மாள் பழைய பதிவேட்டைப் புரட்டி, "விண்ணப்பத்துல எல் போட்டு எழுதினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"பொண்ணோட சர்ட்டிஃபிகேட்டைப் பாக்காமலா எழுதினீங்க?"

"பாக்கலை."

"கட்டிக்கப் போறவ பேரை எழுதத் தெரியாம ஒரு கல்யாணம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாளே ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, முத்திரை குத்தி, புதுப் பிரதிக்கு அவனை எழுதித் தரச் சொன்னாள். முதல் தடவையாக அவன் தன் கையால் அவள் பெயரை இஸட் எச் போட்டு எழுதினான். பேனா அந்த இடத்தில் கொஞ்சம் அழுந்தியது.

மூன்றும் திருந்துவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் மாதம் முடிந்து, அந்த இடம் போய்விட்டது. அவளோடு சேர்ந்து எழுதிய பெண் விமானம் ஏறினாள். அவளை வழியனுப்பிவிட்டு இவள் வீடு வந்தாள். மகளுக்குச் சாதம் பிசைந்து ஊட்டினாள். அவனுக்கும் தட்டு வைத்தாள். ஆனால் நான்கு நாள் 'ஏங்க' என்ற சொல் அந்த வீட்டில் கேட்கவில்லை. அடுத்த முறை ஆள் எடுக்க ஆறு மாதம் ஆகும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்த அன்றுதான், "ஏங்க, பாஸ்போர்ட் எப்போ குடுக்கணும்?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை அவளையே கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அவன் பள்ளிச் சான்றில் ஸ்கேலை வைத்துச் சரி பார்த்தான். இரண்டு விதமாக எழுதப்பட்ட பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று வக்கீலிடம் உறுதிமொழி வாங்கிச் சேர்த்தான். கவுண்டரில் அதே அதிகாரி. திருத்தத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அவன், 'விண்ணப்பம் நிரப்பியவரின் தவறு' என்று எழுதியிருந்தான். அதிகாரி அதைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். "எந்தக் கடையிலங்க நிரப்பினீங்க?"

"மூணாவது கடை சார்."

அதிகாரி இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். பழைய பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டி 'ரத்து' முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

புதுப் பாஸ்போர்ட் வந்தது. கவுன்சில் கோப்பைத் திறந்தது. ஆஸ்பத்திரி அடுத்த முறை ஆள் எடுத்தபோது அவளுக்கு இடம் கிடைத்தது. விசா, டிக்கெட் எல்லாம் எழுத்து பிசகாமல் ஒன்றைப் போலவே ஒன்று வந்தன. ரசீதுப் புத்தகம் வாங்கப் போனபோது அச்சகக்காரன், "எல்லாம் சரியா வந்துச்சா?" என்று கேட்டான். "வந்துச்சு, நீங்க எழுதின மாதிரியேதான்" என்று சொன்னான். அப்படிச் சொல்வதில் அவனுக்கு இஷ்டமில்லை. அதற்காகச் சொல்லாமல் இருக்கவில்லை. அச்சகக்காரன், "நல்லது" என்றான். மறுபடி புரூஃபில் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டாள். வெளிர்நீலச் சட்டை, மார்பில் புதுப் பெயர்ப்பட்டை. மகள் போனை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசித் தீர்த்தபின் அவன் கைக்கு வந்தது.

"ஒரு வேடிக்கை கேளுங்க. இங்கே ஒருத்தருக்கும் அந்த இஸட் எச்சை என்ன பண்றதுன்னு தெரியலை. டாக்டர் 'ஸி'ங்கிறார், ஹெட் நர்ஸ் 'ஷி'ங்கிறாங்க, ஒரு பெரியவர் 'ஜி'ங்கிறார். மூணு நாளா என் பேரை நானே கேக்கலை. நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

அவன் சொன்னான். நாக்கை மடித்து, ழகரத்தை நிறுத்தி, முழுப் பெயரையும் சொன்னான்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். யாரோ கூப்பிட்டார்கள். டூட்டி என்று சைகை காட்டிவிட்டுப் போனாள்.

அவன் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தான். மனசு நிறைந்துதான் இருந்தது. இருந்தும், இரண்டு தெரு தள்ளி இன்னொருத்தனும் இந்தப் பெயரைச் சரியாகச் சொல்லுவான் என்ற நினைப்பு வந்து, பாம்பு மாதிரி தலையைத் தூக்கிப் பார்த்தது. "போய்த் தொலை" என்று வாய்விட்டே சொன்னான். "யாரை அப்பா?" என்று மகள் கேட்டாள். "யாரும் இல்லை, வா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டான்.